அட்டையில் 10, கம்பியில் 480: ஒரு கேபிளும் ஒரு புகார்க் கடிதமும்

வேலூரில் நடந்த ஒரு கல்யாணத்தின் வீடியோ, மூன்று கேமராவில் எடுத்தது, மொத்தம் 380 ஜிபி. படம் எடுத்தவர் அதை ஒரு கையடக்க எஸ்எஸ்டியில் போட்டு, பெங்களூரு அல்சூரில் இருக்கும் என் வீட்டில் கொடுத்துவிட்டுப் போனார். எடிட்டிங்தான் என் பிழைப்பு. எஸ்எஸ்டியைச் செருகிக் காப்பி போட்டேன். இன்னும் இரண்டு மணி நாற்பது நிமிடம் ஆகும் என்று திரை சொன்னது. போன மாதம் இதே எஸ்எஸ்டியில் வந்த இதே அளவு வேலை, போட்ட காபி ஆறுவதற்குள் முடிந்திருந்தது.

இடையில் மாறியது கேபிள் மட்டும்தான். எஸ்எஸ்டியோடு வந்த கேபிள் ஒரு சாண் நீளம். லேப்டாப்பை ஸ்டாண்டில் உயர்த்தி வைத்த பிறகு எஸ்எஸ்டி மேசைக்கு எட்டாமல் தொங்கிக்கொண்டிருந்தது. அதனால் ஒரு சனிக்கிழமை எஸ்.பி. ரோடு போய், ஒரு மீட்டர் நீளத்தில் இரு முனையும் டைப்-சி இருக்கும் கேபிள் ஒன்று வாங்கினேன். 650 ரூபாய். அட்டைப்பெட்டியில் பெரிதாக 'ஹை ஸ்பீட்' என்றும், அதற்குக் கீழே '10 ஜிபிபிஎஸ்', '100 வாட்', '4கே' என்றும் அச்சிட்டிருந்தது. கடைக்காரர் தமிழர், கோலார் பக்கத்திலிருந்து வந்தவர். "நல்லா ஓடுற ஐட்டம் சார், ஒரு கம்ப்ளெய்ண்ட் வந்ததில்ல" என்றார். அவர் பொய் சொன்னார் என்று இப்போதும் நான் நினைக்கவில்லை. ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

என் லேப்டாப்பில் லினக்ஸ். யுஎஸ்பி இணைப்பு எந்த வேகத்தில் பேசிக்கொண்டிருக்கிறது என்று பார்க்க ஒரே ஒரு கட்டளை போதும்:

```
lsusb -t
```

புதுக் கேபிளில் வந்தது இது. தேவையான வரிகளை மட்டும் வைத்திருக்கிறேன்:

```
/:  Bus 02.Port 1: Dev 1, Class=root_hub, Driver=xhci_hcd/4p, 10000M
/:  Bus 01.Port 1: Dev 1, Class=root_hub, Driver=xhci_hcd/12p, 480M
    |__ Port 3: Dev 9, If 0, Class=Mass Storage, Driver=uas, 480M
```

கடைசியில் வரும் M என்பது நொடிக்கு இத்தனை மெகாபிட் என்று பொருள், அட்டையில் இருந்த 10 ஜிபிபிஎஸ்தான் இங்கே 10000M. எஸ்எஸ்டி 10000M என்ற கிளையில் தொங்கியிருக்க வேண்டும். அது 480M கிளையில் தொங்குகிறது. பழைய சாண் கேபிளை மாட்டினால் அதே எஸ்எஸ்டி Bus 02-க்குக் கீழே போய் 10000M என்று உட்காருகிறது. கேபிள்தான் என்று பாதி முடிவு அப்போதே வந்துவிட்டது. ஆனால் கடையில் போய் நிற்கும்போது 'உங்க லேப்டாப்ல பிரச்சினை', 'உங்க டிஸ்க்ல பிரச்சினை' என்று இரண்டு கதவுகள் அவருக்குத் திறந்திருக்கும். அந்த இரண்டையும் முதலில் அடைக்க நினைத்தேன்.

அதற்கு முன்னால், இந்தக் கேபிள் ஏன் வேலை செய்யாமல் நின்றுவிடாமல் மெதுவாக வேலை செய்கிறது என்று சொல்லிவிடுகிறேன். புகாரின் முடிச்சே அதில்தான் இருக்கிறது.

டைப்-சி கேபிளுக்குள் டேட்டா போக இரண்டு தனித்தனிப் பாதைகள் உண்டு. ஒன்று பழைய யுஎஸ்பி 2.0 பாதை, 2000ஆம் ஆண்டில் வந்தது. ஒரே ஒரு ஜோடிக் கம்பி, நொடிக்கு 480 மெகாபிட். மற்றது அதற்குப் பிறகு வந்த வேகப் பாதை. முழுமையாகச் செய்த கேபிளில் இதற்கென்றே நான்கு ஜோடிக் கம்பிகள் தனியாக ஓடும். எஸ்எஸ்டியைச் செருகியதும் இரு பக்கமும் முதலில் வேகப் பாதையில் கை நீட்டிப் பார்க்கும். எதிர்ப்பக்கம் பதில் வராவிட்டால் சத்தமில்லாமல் பழைய பாதைக்கு இறங்கிவிடும். எச்சரிக்கை கிடையாது, பிழைச் செய்தி கிடையாது. கோப்புகள் தெரியும், திறக்கும், காப்பியும் ஆகும். வேகக் கம்பிகளே இல்லாத கேபிளைப் போட்டாலும் 'வேலை செய்கிறது' என்றுதான் தோன்றும். போனை மாட்டி, சார்ஜ் ஏறுகிறது, படங்கள் தெரிகின்றன என்று சோதிக்கும் எந்தக் கடைக்காரருக்கும் இந்தக் குறை கண்ணில் படாது. கம்ப்ளெய்ண்ட் வந்ததில்லை என்று அவர் சொன்னதை நான் நம்பியது இதனால்தான். வாங்கிய பலருக்கே தெரிந்திருக்காது.

சரி, கதவுகளை அடைத்த கதை. என் லேப்டாப்பில் இரண்டு டைப்-சி துளைகள். இரண்டிலும் புதுக் கேபிளை மாட்டினேன். ஒவ்வொன்றிலும் லேப்டாப் பக்க முனையைத் திருப்பிப் போட்டு ஒரு தடவை, எஸ்எஸ்டி பக்க முனையைத் திருப்பிப் போட்டு ஒரு தடவை. இந்தத் திருப்பிப் போடுதல் முக்கியம். டைப்-சி எப்படிச் செருகினாலும் ஏறும் என்பதால் எல்லாப் பக்கமும் ஒன்றுதான் என்று நினைக்கிறோம். உள்ளே அப்படி இல்லை. துளைக்குள் வேகப் பாதைக்கான தொடுமுனைகள் இரண்டு தொகுதிகளாக இருக்கின்றன. ஒரு பக்கம் செருகினால் ஒரு தொகுதி வேலை செய்யும், திருப்பினால் மற்றது. ஒரு பக்கம் செருகினால் மட்டும் வேகம் தரும் அரைகுறைக் கேபிள்களும் சந்தையில் உண்டு. அவை ஒரு பக்கம் 10000M காட்டும், திருப்பினால் 480M காட்டும். என் கேபிள் எல்லாத் திசையிலும் 480 தான் காட்டியது. பிறகு பக்கத்துத் தெருவில் இருக்கும் நண்பனின் லேப்டாப்பிலும் அதையே செய்தேன். அங்கும் 480. ஒவ்வொரு தடவையும் பழைய சாண் கேபிளையும் அதே துளையில் மாட்டிப் பார்த்தேன். அது எல்லா இடத்திலும் 10000M. போனோடு இலவசமாக வந்த கேபிளையும் ஒரு குறும்புக்காக மாட்டினேன். 480. ஆக, 650 ரூபாய் கேபிளும் இனாம் கேபிளும் ஒரே ஜாதி.

அப்புறம் உண்மையான வேகம். காப்பி போகும் நேரத்தை வைத்துச் சொன்னால் கோப்பு சின்னது, பெரியது என்று பேச்சு வளரும். அதனால் எஸ்எஸ்டியிலிருந்து நேராக நான்கு ஜிபி படித்து, எங்கும் எழுதாமல் விடும் கட்டளையைப் போட்டேன்:

```
sudo dd if=/dev/sda of=/dev/null bs=4M count=1000 iflag=direct
```

இதை அப்படியே எடுத்து ஓட்ட வேண்டாம். என் எஸ்எஸ்டிக்கு அந்த நேரம் /dev/sda என்று பெயர், உங்களுக்கு வேறாக இருக்கலாம், `lsblk` போட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள். dd கட்டளை of-இல் சொன்ன இடத்தில் எழுதும், அங்கே தவறி எஸ்எஸ்டியின் பெயரைப் போட்டு எதையாவது எழுதவிட்டால் யாரோ ஒருவருடைய கல்யாணமே அழிந்துவிடும். முதல் வரி புதுக் கேபிள், இரண்டாவது பழையது:

```
4194304000 bytes (4.2 GB, 3.9 GiB) copied, 101.562 s, 41.3 MB/s
4194304000 bytes (4.2 GB, 3.9 GiB) copied, 4.41032 s, 951 MB/s
```

480 மெகாபிட் என்பதை எட்டால் வகுத்தால் 60 மெகாபைட். பாதையில் ஆகும் செலவு போக நடைமுறையில் நாற்பது சொச்சம்தான் கையில் நிற்கும். 41.3 என்பது யுஎஸ்பி 2.0 பாதைக்கு மிகவும் நேர்மையான எண். அதாவது கேபிள் 'கெட்டுப்போகவில்லை'. தன் வகைக்கு நன்றாகவே ஓடுகிறது. வகைதான் வேறு.

கெட்டுப்போன வேகக் கேபிள் எப்படி நடந்துகொள்ளும் என்பதும் எனக்குக் கொஞ்சம் பழக்கம். அது முதலில் 10000M என்றே காட்டும். பெரிய கோப்பு போகும்போது நடுவில் தடுமாறும், எஸ்எஸ்டி மறைந்து மறுபடி வரும், லினக்ஸின் மையமான கர்னல் எழுதும் பதிவில் reset என்று வரிசையாக வரிகள் விழும். கேபிளை லேசாக வளைத்தால் நிலைமை மாறும். அந்தப் புகாரை 'பழுது' என்று எழுத வேண்டும். என்னுடையது அது இல்லை. பழுது என்று எழுதியிருந்தால் அதே பெட்டியிலிருந்து இன்னொன்றை எடுத்துக் கொடுத்து அனுப்பிவிடுவார். அதுவும் 480 தான் காட்டும்.

நண்பனிடம் சின்னத் திரை வைத்த யுஎஸ்பி டெஸ்டர் ஒன்று இருந்தது. 3 ஆம்பியருக்கு மேல் மின்சாரம் தாங்கும் டைப்-சி கேபிளில் ஒரு குட்டிச் சிப் இருக்க வேண்டும், இ-மார்க்கர் என்பார்கள். நான் எத்தனை ஆம்பியர் தாங்குவேன், டேட்டாவில் எந்த வகை என்று அந்தச் சிப் கேட்டால் சொல்லும். நம்முடையதைக் கேட்டோம். 20 வோல்ட், 5 ஆம்பியர், யுஎஸ்பி 2.0 என்றது.

நண்பன் சிரித்தான். "டேய், இது அக்மார்க் சார்ஜர் கேபிள்டா. 100 வாட் உண்மை. மத்ததெல்லாம் அட்டைக்காரன் கற்பனை."

அவன் சொன்னது சரி. 100 வாட் சார்ஜ் ஏற்றும் கேபிள்களில் பல இப்படித்தான். மின்சாரத்துக்குத் தடித்த கம்பி, டேட்டாவுக்குப் பழைய ஜோடி மட்டும். அதில் தப்பே இல்லை, அட்டையில் அப்படிச் சொல்லியிருந்தால். போன் கேமராவைக் கிட்டே கொண்டுபோய்ப் பிளக்கின் வாய்க்குள் படம் எடுத்தேன். முழுக் கேபிளில் ஒவ்வொரு வரிசையிலும் இரு ஓரத்துக்கும் அடுத்தடுத்து இரண்டிரண்டு தொடுமுனைகள் வேகப் பாதைக்கு உரியவை. இதில் அந்த இடங்கள் காலி. அந்த ஒரு படம் மற்ற எல்லாவற்றையும்விட நன்றாகப் பேசியது. ஆனால் இது ஒரு பக்கத்துக்கு மட்டும் செல்லும் சாட்சி. தொடுமுனை இல்லாவிட்டால் வேகம் இல்லை என்று உறுதி. தொடுமுனை இருந்தால் பின்னால் கம்பி இருக்கிறது என்று உறுதி கிடையாது.

வெட்டிப் பார்க்கலாமா என்று நண்பனுக்குக் கை அரித்தது. விடவில்லை. வெட்டிய கேபிளைக் கொண்டுபோய்ப் பணம் கேட்க முடியாது.

முதல் தடவை கடைக்குப் போனது வாய்ப்பேச்சுக்குத்தான். நான் நினைத்த மாதிரியே அவர் தன் போனை மாட்டி, "பாருங்க சார், சார்ஜ் ஏறுது, போட்டோ வருது" என்றார். நான் லேப்டாப்பைத் திறந்து, செருகியதும் கர்னல் என்ன எழுதுகிறது என்று காட்டினேன். அங்கேதான் நான் சறுக்கினேன்:

```
usb 1-3: new high-speed USB device number 9 using xhci_hcd
```

அவர் கண்ணாடியை ஏற்றிவிட்டுப் படித்தார். "அதான் சார், ஹை ஸ்பீடுன்னு உங்க கம்ப்யூட்டரே சொல்லுதே?"

கடையில் இருந்த பையன்கள் சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்தது. ஏனென்றால் அவர் சொன்னது சரி. யுஎஸ்பி உலகத்தில் 'ஹை ஸ்பீட்' என்பது வெறும் புகழ்ச்சி இல்லை. அது 480 மெகாபிட்டுக்கு வைத்த பெயர். 2000இல் அது உண்மையிலேயே வேகம்தான், அதற்கு முன்னால் இருந்தது 12 மெகாபிட். 2008இல் யுஎஸ்பி 3.0 வந்தபோது 5 ஜிகாபிட்டுக்கு 'சூப்பர் ஸ்பீட்' என்று பெயர் வைத்தார்கள். என் பழைய கேபிளை மாட்டினால் அதே இடத்தில் வரும் வரி இது:

```
usb 2-2: new SuperSpeed Plus Gen 2x1 USB device number 3 using xhci_hcd
```

எச்டிஎம்ஐ கேபிள் வாங்குகிறவர்களுக்கும் இதே பொறி உண்டு. அங்கே 'ஹை ஸ்பீட்' என்றால் 10.2 ஜிகாபிட் வரைக்குமான பழைய வகை. 4கே படத்தை நொடிக்கு 60 பிரேமில் முழு நிறத்தோடு பார்க்க அது போதாது. 'பிரீமியம் ஹை ஸ்பீட்' 18, 'அல்ட்ரா ஹை ஸ்பீட்' 48. ஒரே சொல், இரண்டு துறையிலும் கீழ்ப்படியின் பெயர்.

ஆக, 'ஹை ஸ்பீட் என்று சொல்லி விற்றீர்கள், ஹை ஸ்பீட் இல்லை' என்று நான் எழுதினால் அது தோற்கும் புகார். நான் வீட்டில் எழுதி வைத்திருந்த முதல் வரைவு அப்படியேதான் இருந்தது. ஏமாற்று, மோசடி, கடும் மன உளைச்சல் எல்லாம் அதில் இருந்தன. வீட்டுக்கு வந்ததும் முழுவதையும் அடித்தேன். அட்டையில் இருக்கும் எண்ணை மட்டும் பிடித்துக்கொள்ள வேண்டும்.

அட்டை! அங்கே இன்னொரு பதற்றம். பில்லை எடுத்துப் பார்த்தால் 'டைப்-சி டு சி கேபிள் 1 மீ' என்று மட்டும் போட்டிருக்கிறது. 10 ஜிபிபிஎஸ் என்ற வாக்கு இந்த உலகத்தில் அச்சாகியிருப்பது அந்த அட்டைப்பெட்டியில் மட்டும். என் மகள் அதில் ஏதோ பொம்மைக்குக் கட்டில் செய்துகொண்டிருந்தாள். கத்தரிக்கோல் படுவதற்குள் மீட்டேன். அதன் பின்பக்கத்தில் இறக்குமதியாளர் பெயர், முகவரி, எம்ஆர்பி எல்லாம் இருந்தன. பொட்டலப் பொருட்களுக்கான 2011ஆம் ஆண்டு விதிகள்படி அவை இருந்தாக வேண்டும். நான்கு பக்கத்தையும் படம் எடுத்துவைத்தேன். இப்போதெல்லாம் கடையில் பில் போடும்போதே "அண்ணா, 10 ஜிபிபிஎஸ்னு பில்லுல எழுதிக் குடுங்க" என்று கேட்கிறேன். எழுதத் தயங்கினால் அதுவே ஒரு சோதனை.

பில்லின் அடியில் 'விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது' என்று ஒரு முத்திரையும் இருந்தது. இதைப் பார்த்துத்தான் பலர் திரும்பிவிடுகிறார்கள். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019, பிரிவு 2(47)இல் முறையற்ற வணிக நடைமுறைகள் எவை என்று ஒரு பட்டியல் இருக்கிறது. இல்லாத தரத்தை இருப்பதாகச் சொல்வது அதில் ஒன்று. குறையுள்ள பொருளைத் திரும்ப வாங்கிப் பணம் தர மறுப்பது இன்னொன்று. பில்லில் குறிப்பிட்ட காலத்துக்குள், அப்படிக் காலம் எதுவும் குறிப்பிடாவிட்டால் 30 நாளுக்குள் என்று கணக்கு. என் பில்லில் காலம் எதுவும் இல்லை. எனவே 30 நாள். வாங்கிப் பத்து நாள்கூட ஆகவில்லை.

இன்னொரு சந்தேகமும் வந்தது. தொழிலுக்காக வாங்கினால் நுகர்வோர் இல்லை என்று சொல்லிவிடுவார்களோ? சட்டத்திலேயே விலக்கு இருக்கிறது. சுயதொழிலில் தன் பிழைப்புக்காக மட்டும் வாங்கிப் பயன்படுத்துகிறவர் நுகர்வோர்தான். தனி ஆளாக வீட்டில் எடிட் செய்கிற எனக்கு அது பொருந்தும்.

கடையில் கொடுத்தது ஆங்கிலத்தில். தமிழில் இப்படி இருக்கும்:

தேதி: 16-6-2025

பெறுநர்: உரிமையாளர் (கடையின் பெயர், முகவரி)

பொருள்: 10 ஜிபிபிஎஸ் என்று அட்டையில் அச்சிட்டு விற்ற கேபிள் 480 எம்பிபிஎஸ் வகையாக இருப்பது, ரூ. 650 திருப்பித் தரக் கோருதல்.

ஐயா,

7-6-2025 அன்று தங்கள் கடையில் ஒரு மீட்டர் டைப்-சி கேபிள் ஒன்றை ரூ. 650 கொடுத்து வாங்கினேன். பில் நகல் இணைத்துள்ளேன். அதன் அட்டைப்பெட்டியில் டேட்டா வேகம் 10 ஜிபிபிஎஸ் என்றும், 4கே காட்சி அனுப்பும் என்றும் அச்சிடப்பட்டுள்ளது. அந்த எண்ணைப் பார்த்தே இதை வாங்கினேன்.

இந்தக் கேபிளை இரண்டு லேப்டாப்களில், மூன்று துளைகளில், இரு முனைகளையும் திருப்பிச் செருகிச் சோதித்தேன். எல்லா முறையும் இணைப்பு 480 எம்பிபிஎஸ் ஆகவே அமைந்தது. அதே துளைகளில், அதே எஸ்எஸ்டியுடன், எஸ்எஸ்டி தயாரிப்பாளர் தந்த கேபிளை மாட்டினால் 10,000 எம்பிபிஎஸ் ஆக அமைகிறது. எனவே குறை லேப்டாப்பிலோ எஸ்எஸ்டியிலோ இல்லை. 4.2 ஜிபி படிக்க இந்தக் கேபிளில் 101.6 நொடியும் மற்றதில் 4.4 நொடியும் ஆயின. எஸ்எஸ்டி தயாரிப்பாளரின் கேபிளில் 4கே மானிட்டர் படம் காட்டுகிறது. இதில் படமே வரவில்லை.

கேபிளின் உள்ளே இருக்கும் சிப்பே தன்னை யுஎஸ்பி 2.0 வகை என்று தெரிவிக்கிறது. பிளக்கில் வேகப் பாதைக்கு உரிய தொடுமுனைகள் இல்லை. இரண்டின் படமும் இணைத்துள்ளேன். இது ஒரு துண்டு கெட்டுப்போனதால் வந்த குறை இல்லை. இதே வகையில் வேறொன்றைக் கொடுத்தாலும் இந்த நிலை மாறாது.

'ஹை ஸ்பீட்' என்ற சொல்லைப் பற்றி எனக்குப் புகார் இல்லை. 10 ஜிபிபிஎஸ், 4கே என்று அச்சிட்டவை பற்றியே புகார். சார்ஜ் ஏற்றுவதில் கேபிள் சரியாக இருக்கிறது என்பதையும் தெரிவிக்கிறேன்.

கேபிளையும் அட்டைப்பெட்டியையும் சேதமில்லாமல் வைத்துள்ளேன். அவற்றைப் பெற்றுக்கொண்டு, இக்கடிதம் கிடைத்த ஏழு நாளுக்குள் ரூ. 650 திருப்பித் தரும்படி கேட்டுக்கொள்கிறேன். பில்லில் திரும்பப் பெறும் காலம் குறிப்பிடப்படாததால், நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019, பிரிவு 2(47)இன்படி 30 நாள் கணக்கு பொருந்தும். தீர்வு கிடைக்காவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் பதிவு செய்வேன்.

இப்படிக்கு (கையொப்பம்)

கடிதம் அவ்வளவுதான். சார்ஜ் சரியாக இருக்கிறது என்று நானே எழுதியதை நண்பன் ஏற்கவில்லை. "அவங்களுக்கு எதுக்குடா பாயிண்ட் எடுத்துக் குடுக்கிற?" என்றான். எனக்கு அது வேண்டும் என்று பட்டது. கடைக்காரர் போனை மாட்டி மறுபடியும் அதையே காட்டுவார். 'ஆமாம், அது எனக்கும் தெரியும்' என்று எழுத்தில் முன்னாலேயே இருந்தால் அந்தப் பேச்சு அங்கேயே முடிந்துவிடும். மாவட்ட ஆணையம், நஷ்டஈடு என்று எதையும் சேர்க்கவில்லை. 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்கு அங்கே கட்டணம் இல்லை, புகாருக்குக் காரணம் எழுந்த நாளிலிருந்து இரண்டு வருடம் அவகாசமும் உண்டு. ஆனாலும் 650 ரூபாய்க்கு முதல் கடிதத்திலேயே வழக்கு என்று எழுதினால் எதிரே இருப்பவர் வீம்புக்கு நிற்பார். 1915 போதும்.

இரண்டு பிரதி எடுத்துக்கொண்டு நேரில் போனேன். ஒன்றைக் கொடுத்துவிட்டு, மற்றதில் கடை முத்திரையும் தேதியும் கேட்டேன். முத்திரை போட மறுத்தால் ஸ்பீட் போஸ்டில் அனுப்பி ரசீதை வைத்துக்கொள்வது என்று முடிவோடுதான் போயிருந்தேன். கேட்டதும் அவர் முகம் கொஞ்சம் மாறியது. பிறகு உட்கார்ந்து முழுவதையும் படித்தார். இரண்டாவது பத்தியில் நின்று, "101 செகண்டு, நாலு செகண்டா?" என்று கேட்டார். லேப்டாப்பைத் திறந்து அங்கேயே ஓட்டிக் காட்டினேன். நூறு நொடி காத்திருப்பது எவ்வளவு நீளம் என்று அன்றுதான் அவருக்கும் பையன்களுக்கும் தெரிந்தது. பாதியிலேயே ஒரு பையன் டீ வாங்கப் போய்விட்டான்.

"வேற பீஸ் பார்க்கலாம் சார்" என்று அதே வகையில் இன்னொரு பெட்டியை உடைத்தார். 480. கடிதத்தில் எழுதியபடியே நடந்தது. பிறகு வேறு கம்பெனிக் கேபிள் ஒன்றை எடுத்தார், அதிலும் 10 ஜிபிபிஎஸ் என்று போட்டிருந்தது. மாட்டினேன், 10000M என்று வந்தது. அவர் முகம் மலர்ந்தது. லேப்டாப் பக்க முனையைத் திருப்பிப் போட்டேன். 480M. பழைய சாண் கேபிளை அதே துளையில் இரு பக்கமும் போட்டுக் காட்டினேன், இரண்டிலும் 10000M. ஒரு பக்கம் மட்டும் வேகம் தரும் கேபிள் என்று முன்னால் சொன்னேனே, அதை நானும் கண்ணால் பார்த்தது அன்றுதான். "என்ன சார் இது, காந்தி தாத்தா இருக்கிற பக்கம் மட்டும் செல்லுற நோட்டு மாதிரி" என்றார்.

இரண்டு மீட்டரில் 10 ஜிபிபிஎஸ் என்று எழுதிய ஒன்றும் அலமாரியில் தொங்கியது. அதை நான் எடுக்கச் சொல்லவில்லை. உள்ளே சிக்னலைத் தூக்கிவிடும் சிப் எதுவும் இல்லாத சாதாரணக் கேபிளில் அந்த வேகத்துக்கு ஒரு மீட்டர்தான் பொதுவாக எல்லை. நீளம் கூடினால் சிக்னல் தேய்ந்துவிடும்.

650 ரூபாயை எண்ணிக் கொடுத்தார். கேபிளையும் அட்டையையும் வாங்கி, என் கடிதத்தோடு ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டினார். என் பிரதியில் முத்திரையும் போட்டார். அப்புறம் கொஞ்சம் தயங்கி, "சார், இதுல என் கடை பேருக்கு பதிலா டிஸ்ட்ரிப்யூட்டர் பேரைப் போட்டு ஒரு காப்பி எடுத்துத் தர முடியுமா? நாப்பது பீஸ் கிடக்குது என்கிட்ட" என்று கேட்டார். தேதி, பில் எண் இரண்டும் அவருடைய கொள்முதல் பில்லில் உள்ளபடி மாற வேண்டும், பிரிவு 2(47) வரியை எடுத்துவிட வேண்டும், மறுவிற்பனைக்கு வாங்கியவருக்கு அது பொருந்தாது என்று சொன்னேன். இரவு மாற்றி அனுப்பினேன்.

வேலூர்க் கல்யாணத்தைச் சாண் கேபிளிலேயே இறக்கினேன். எஸ்எஸ்டிக்கு அடியில் இரண்டு பழைய டெலிபோன் டைரக்டரிகளை அடுக்கியிருக்கிறேன். இப்போது எட்டுகிறது.